மெக்சிகோ நகரம் இறங்குகிறது: ராடார் காட்டும் கோடுகளைப் படிப்பது எப்படி?

ராகவன்: செயற்கைக்கோள் ராடார் அளவீட்டில் நான் பார்த்த மெக்சிகோ நகரப் புள்ளி ஆண்டுக்கு 40 செ.மீ. வீதம் நேர்க்கோடாக இறங்குகிறது. அப்படியென்றால் நிலத்தடி நீரை எடுக்கும் அளவும் மாறவில்லை என்றுதானே பொருள்?

கோடு நேர் என்பது சரி, ஆனால் அதிலிருந்து அந்த முடிவுக்கு வர முடியாது. நகரத்தின் பெரும்பகுதி பழைய டெக்ஸ்கோகோ ஏரியின் களிமண் மேல் நிற்கிறது. கிணறுகள் அதற்குக் கீழே உள்ள மணல், சரளை அடுக்கிலிருந்து நீரை எடுக்கின்றன. களிமண்ணோ தன் நீரை மிக மெதுவாகத்தான் கீழே விட்டுச் சுருங்கும். இன்று பம்பைக் குறைத்தாலும் பழைய அழுத்தக் குறைவு களிமண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே இருப்பதால், இறக்கம் பல ஆண்டுகள் தொடரும். அந்தச் சுருக்கத்தில் பெரும்பகுதி திரும்பாது.

மீனா: சென்டினல்-1 ராடார் செயற்கைக்கோள் படத் தொடரில் 36 நாள் இடைவெளிக்குப் பிறகு, ஒரு பேட்டை முழுவதும் இறங்காமல் நின்றதுபோல் 2.8 செ.மீ. படி தெரிகிறது. பக்கத்துப் பகுதியில் இல்லை. மழைதான் காரணமா?

மழையாக இருக்காது. அந்த 2.8 செ.மீ. ராடார் அலைநீளத்தில் பாதி; அலை போய்த் திரும்புவதால் அது சரியாக அலையின் ஒரு சுற்று. ஆண்டுக்கு 40 செ.மீ. என்றால் 36 நாளில் ஏறக்குறைய 4 செ.மீ. செங்குத்து இறக்கம். ராடார் சாய்வாகப் பார்ப்பதால் அது சுமார் 3 செ.மீ. ஆகத் தெரியும். அலைச் சுற்றுகளை எண்ணி நகர்வாக மாற்றும் அன்ராப்பிங்கில் ஒரு சுற்று தவறினால் 0.2 செ.மீ. மட்டும் நகர்ந்ததுபோல் காட்டும். மூன்று தேதிகளின் படங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, முக்கோணமாக இணைத்துக் கூட்டிப் பாருங்கள். மிச்சம் சரியாக ஒரு சுற்று என்றால் பிழை உறுதி. ஆனால் அந்த இடைவெளியை ஒரே ஒரு பட ஜோடிதான் தாண்டுகிறதென்றால் முக்கோணமே அமையாது. அப்போது ஜிபிஎஸ் நிலையத்தோடு ஒப்பிடுவதுதான் வழி.

கணேசன்: கோவையில் என் போர்வெல் வறண்டுவிட்டது. என் வீடும் இப்படி இறங்குமா?

உங்கள் பகுதியில் கீழே இருப்பது பெரும்பாலும் கடினப் பாறை. நீர் அதன் வெடிப்புகளில்தான் இருக்கிறது. வெடிப்பு காலியானாலும் பாறை களிமண் போலச் சுருங்காது. சுவரில் விரிசல் இருந்தால் முதலில் அடித்தளத்தைப் பாருங்கள்.

மீனா: ஒரே தெருவில் ஒரு புள்ளி வேகமாக இறங்குகிறது, இன்னொன்று மெதுவாக. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், ஆனால் எதிலிருந்து எதிரொலி வந்தது என்று பாருங்கள். ஆழமான தூண்கள் மேல் நிற்கும் கட்டிடம் நின்றபடியே இருக்க, சுற்றுப்புறத் தரை இறங்கும். 1910-இல் கட்டிய சுதந்திர தேவதை நினைவுத்தூணைச் சுற்றித் தரை இறங்கியதால் அதற்கு 14 படிகள் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. கூரையிலிருந்து வரும் புள்ளிகளை மட்டும் எடுத்தால் தரையின் இறக்கம் குறைவாகத் தெரியும். சாலை மட்டத்துப் புள்ளிகளைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஒப்பீட்டுப் புள்ளியையும் களிமண் மேல் வைக்காமல், ஓரத்திலுள்ள பாறை மேல் வையுங்கள்.

ராகவன்: அப்போ பம்பை நிறுத்தினால் எப்போது நிற்கும்?

ராடார் கோட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. களிமண்ணின் வெவ்வேறு ஆழங்களில் நீரழுத்தம் எவ்வளவு என்ற அளவீடும் வேண்டும். அது இல்லாமல் ஆண்டுக்கணக்கு சொல்பவர்களை நான் நம்புவதில்லை.