வேன், சாப்பாடு, ஓணக்கோடி: இன்புட் எதற்கு வரும், எதற்கு வராது?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட் வைத்திருக்கிறோம். மொத்தம் 62 பேர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து ஆட்களை வாடகை வேனில் கூட்டி வருகிறோம். மதியச் சாப்பாடு, யூனிபார்ம், ஓணத்துக்குத் துணி எல்லாம் தருகிறோம். 2024-25இல் இவை எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. இன்புட் எடுத்துவிட்டோம். புது ஆடிட்டர் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்டச் சொல்கிறார். எல்லாமே கம்பெனிச் செலவுதானே? GSTR-2Bயிலும் காட்டுகிறதே! — ஒரு வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: ஆடிட்டர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வருமான வரிக்கு இவை தொழில் செலவுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு வேறு மாதிரி பார்க்கிறது. தொழிலுக்குத் தேவைப்பட்டதா என்பதோடு அது நிற்பதில்லை. வாங்கியது என்ன பொருள், என்ன சேவை என்று பார்க்கிறது. அது தடைப் பட்டியலில் இருந்தால், ஒரு ரூபாய்கூடச் சொந்தத்துக்குப் போகவில்லை என்றாலும் கட்டிய வரிக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. 2Bயை நம்பிப் பயனில்லை. உங்களுக்கு பில் போட்டவர் கணக்குத் தாக்கல் செய்தால் அதில் ஏறிவிடும். அந்த பில் சாப்பாட்டுக்கா, இரும்புத் தகட்டுக்கா என்று பார்த்து அது வடிகட்டாது. அந்த வேலை உங்களுடையது.

முதலில் சாப்பாடு. கேட்டரிங் தடைப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு ஒரு வாசல் உண்டு: தொழிலாளிக்கு அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஏதாவது ஒரு சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தினால் கிரெடிட் எடுக்கலாம். பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 250 பேருக்கு மேல் இருந்தால்தான் கேன்டீன் கட்டாயம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, 100 பேர். 62 பேர் உள்ள உங்களுக்கு இரண்டுமே பொருந்தாது. நீங்கள் மனமுவந்து போடும் சாப்பாடு அது, அதனால் வரி உங்கள் தலையில்தான். அதே வாசல் குடிதண்ணீருக்குத் திறக்கும் என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் குடிநீர் வைப்பது சட்டப்படி கட்டாயம், அதற்கு 250 பேர் என்ற கணக்கெல்லாம் இல்லை. ஆகவே தண்ணீர் கேன் பில்லை ரிவர்ஸ் செய்துவிடாதீர்கள்.

அடுத்தது வேன். இதில் எல்லாமே ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. டிரைவரையும் சேர்த்து 13 இருக்கை வரை உள்ள வண்டியின் வாடகைக்குக் கிரெடிட் இல்லை. 14 ஆகிவிட்டால் உண்டு. வேனில் எத்தனை பேரை ஏற்றுகிறீர்கள் என்பது கணக்கில்லை. அனுமதிக்கப்பட்ட இருக்கை எண்ணிக்கைதான் கணக்கு. பன்னிரண்டு பேரும் டிரைவரும் உட்காரும் டிராவலர் வண்டி தடைக்குள் விழுகிறது. அதே டிராவலரில் 17 பேரும் டிரைவரும் என்றால் தப்பித்துவிடும். இரவு ஷிப்டில் பெண்கள் இருந்து, அவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தே ஆகவேண்டும் என்று உங்களுக்குப் பொருந்தும் சட்ட விதி சொன்னால், சின்ன வண்டிக்கும் அந்தப் பங்குக்குக் கிரெடிட் கேட்கலாம். அந்த உத்தரவின் நகலும் டிரிப் ஷீட்டும் கையில் இருக்கவேண்டும்.

வண்டியை மாற்றுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். சின்ன வேன் வாடகை மாதம் 60,000 ரூபாய், வரி 18 சதவீதம் என்றால் உங்கள் கையை விட்டுப் போவது 70,800. பெரிய வேன் 66,000 கேட்டாலும் அதன் வரி 11,880 கிரெடிட்டாகத் திரும்பிவிடும், எனவே நிஜச் செலவு 66,000தான். ஆனால் சின்ன வேன்காரர் 18க்குப் பதில் 5 சதவீத வரி முறையில் இருந்தால் செலவு 63,000, அப்போது அதுவே மலிவு. (நீங்கள் கம்பெனியாக இருந்து, அவர் கம்பெனியாக இல்லாவிட்டால் அந்த 5 சதவீதத்தை ரிவர்ஸ் சார்ஜாக நீங்களே பணமாகக் கட்டவேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இது.) வேன்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது வாடகை அல்ல, எந்த வரி முறை என்பதுதான்.

யூனிபார்ம், சேப்டி ஷூ, கையுறை ஆகியவை பட்டியலில் இல்லை. வேலைக்குத் தேவையானவை, தாராளமாக எடுங்கள். ஆனால் வாளையாறுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு ஒரு தனி வம்பு உண்டு. கோயம்புத்தூர் கடையில் நேரில் போய் வாங்கி, அவர் தமிழ்நாட்டு SGST போட்டு பில் கொடுத்தால், கேரளப் பதிவில் அந்த வரி கிரெடிட்டாக வராது. தடைப் பட்டியலால் இல்லை, மாநிலம் மாறியதால். கஞ்சிக்கோட்டுக்கு டெலிவரி கொடுத்து, உங்கள் கேரள எண்ணில் IGST போடச் சொல்லுங்கள்.

ஓணத்துணி வேறு கதை. ஊழியருக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய் வரை அன்பளிப்பு தரலாம், வரி இல்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அதன் அர்த்தம், கொடுப்பதற்கு நீங்கள் வரி வசூலிக்க வேண்டாம் என்பது மட்டும். வாங்கியபோது கட்டிய வரிக்குக் கிரெடிட் கிடையாது, அன்பளிப்பும் தடைப் பட்டியலில் இருக்கிறது. தீபாவளி ஸ்வீட் பாக்ஸுக்கும் இதேதான்.

சரி, இப்போது உங்கள் 2024-25. சாப்பாடு மாதம் 90,000, வரி 5 சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு 54,000. அப்போது வேன் வரி 12 சதவீதம் என்றால், 60,000 வாடகைக்கு வருஷத்தில் 86,400. ஓணத்துணி 55,800க்கு 5 சதவீதம், 2,790. கூட்டினால் 1,43,190 ரூபாய் திரும்பவேண்டும். உங்கள் பில்களை வைத்து இதே மாதிரி போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வாங்கிய பிரிட்ஜோ டிவியோ கம்பெனி எண்ணில் ஏறியிருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். தொழில் செலவில் தடைபட்ட வரியையாவது வருமான வரியில் செலவாகக் காட்டலாம், வீட்டுப் பொருளுக்கு அதுவும் இல்லை.

திருப்புவது GSTR-3Bயில் 4(B)(1) கட்டத்தில். 4(B)(2)இல் போடவே கூடாது. அது பின்னால் மறுபடி எடுக்கப்போகும் தொகைக்கானது, அங்கே போட்டால் திரும்பக் கிடைக்கும் தொகையாகப் போர்ட்டலின் கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். வட்டி 18 சதவீதம், பணமாகத்தான் கட்டவேண்டும். ஆனால் எடுத்த நாளிலிருந்து அல்ல, அந்தக் கிரெடிட்டைப் பயன்படுத்திய நாளிலிருந்துதான். உங்கள் கிரெடிட் லெட்ஜரில் இருப்பு ஒருநாளும் தவறாக எடுத்த தொகைக்குக் கீழே இறங்கவில்லை என்றால் வட்டியே இல்லை. எனவே ஆடிட்டர் வட்டிக் கணக்குக் கொடுத்தால், லெட்ஜரை மாதவாரியாக இறக்கிப் பார்த்துத்தான் போட்டாரா என்று கேளுங்கள்.

நோட்டீஸ் வருவதற்கு முன் வரியும் வட்டியும் கட்டிவிட்டால், ஏமாற்றும் நோக்கம் இல்லாத உங்கள் மாதிரி வழக்கில் அபராதம் கிடையாது. வந்தபின் என்றால் 60 நாளுக்குள் கட்டினால்தான் அந்தச் சலுகை. அதனால் அடுத்த 3Bயிலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் பில் பதிபவரிடம் சொல்லி, கேட்டரிங்காரர், சின்ன வேன்காரர் இருவரின் லெட்ஜரையும் கிரெடிட் இல்லாதது என்று மென்பொருளில் இப்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.