ஜெயித்தது பாட்டிகளா, சங்கமா?

கேள்வி: சுவிட்சர்லாந்துப் பாட்டிகள் பருவநிலை வழக்குப் போட்டு அரசையே தோற்கடித்துவிட்டார்களே! இனி வெயில் தாங்கவில்லை என்று யார் வேண்டுமானாலும் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாம்தானே?

பதில்: போகலாம், வாசலோடு திரும்பியும் வரலாம். அந்த வழக்கில் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்த நான்கு பாட்டிகளுக்கே அதுதான் நடந்தது. 2024 ஏப்ரல் 9 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் ஜெயித்தது அவர்கள் இருந்த ‘கிளிமா சீனியோரினென்’ என்ற சங்கம், 2,000-க்கும் மேற்பட்ட முதிய பெண்களின் சங்கம்.

ஏன் இந்த வித்தியாசம்? வெப்ப அலை எல்லோரையும்தான் வாட்டுகிறது, அதற்காக எல்லோரும் வழக்காடலாம் என்று விட்டால் பொதுநல வழக்குக்குக் கதவு திறந்துவிடும், அதை அந்த நீதிமன்றம் ஏற்பதே இல்லை. தனி ஆள் என்றால் தனக்கு வந்த பாதிப்பு மிகக் கடுமையானது, தன்னை உடனே காப்பாற்றியே தீர வேண்டும் என்று காட்டியாக வேண்டும். பாட்டிகள் மருத்துவச் சான்று வரை கொடுத்துப் பார்த்தார்கள், போதவில்லை. சங்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை: முறைப்படி அமைந்து, இதையே நோக்கமாகக் கொண்டு, பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் பேசத் தகுதியோடு இருந்தால் போதும்.

இன்னொன்று, அந்த நீதிமன்றம் கையில் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் ‘நலமான சுற்றுச்சூழலுக்கான உரிமை’ என்று ஒரு வரிகூடக் கிடையாது. 1950-இல் எழுதியது, அன்றைக்கு யார் யோசித்தார்கள்! தனிவாழ்க்கை, குடும்ப வாழ்க்கை பற்றிய 8-ஆம் பிரிவுக்குள் இதை நுழைத்துத்தான் 16-க்கு 1 என்று தீர்ப்பு வந்தது. அதிலும் ‘நாடு சூடாகிவிட்டது’ என்பது குற்றச்சாட்டு இல்லை. மொத்தம் எவ்வளவு கரியமில வாயு விடலாம் என்று அரசு ஒரு வரம்பையே கணக்கிட்டு வைக்கவில்லை, 2020-க்குள் 1990-ஐ விட 20 சதவீதம் குறைப்போம் என்று தானே வைத்த இலக்கையும் எட்டவில்லை, அதுதான் குற்றம்.

அதே நாளில் போர்ச்சுகலின் ஆறு இளைஞர்கள் 33 நாடுகள் மேல் போட்ட வழக்கு, ஏற்கத் தக்கதே அல்ல என்று தள்ளப்பட்டது. சொந்த நாட்டு நீதிமன்றப் படியை ஏறாமல் நேரே ஸ்ட்ராஸ்பூர்க் போய்விட்டார்கள், அப்புறம் மற்ற 32 நாடுகளின் அதிகார எல்லைக்குள் அவர்கள் வரவும் இல்லை. பாட்டிகளோ 2016-இலேயே சுவிஸ் அதிகாரிகளிடம் மனுக் கொடுத்து, உச்ச நீதிமன்றம் வரை தோற்று, அதற்கு அப்புறம்தான் அங்கே போனார்கள். சுவிஸ் நீதிமன்றங்கள் சங்கத்தின் வாதத்தைச் சரியாகக் கேட்கவே இல்லை என்பதும் தனியாக ஒரு மீறலாகப் பதிவானது.

சரி, ஜெயித்து என்ன கிடைத்தது? செலவுக்கு 80,000 யூரோ. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நீதிமன்றம் எண் எதுவும் சொல்லவில்லை, வழியை அரசே தேடட்டும் என்று விட்டுவிட்டது. இரண்டே மாதத்தில் சுவிஸ் நாடாளுமன்றம், நாங்கள் செய்வதே போதும் என்று தீர்மானம் போட்டது! தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று பார்க்கும் வேலை இப்போது அந்த நீதிமன்றம் சார்ந்த ஐரோப்பியக் கவுன்சிலின் அமைச்சர்கள் குழுவிடம் இருக்கிறது.