பாதியாக வெட்டணும், உயிர் போகக் கூடாது

கேள்வி: அப்பா இறந்த பிறகு அம்மாவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். 3,200 சொற்கள். போட்டிக்கு 1,600தான் கேட்கிறார்கள். மூன்று முறை உட்கார்ந்து வெட்டியும் 2,700க்குக் கீழே இறங்கவில்லை. வெட்டிய பிரதியைப் படித்த தோழி, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணும் தோணல" என்றாள். முதல் பிரதியைப் படித்து அழுதவள் அவள். இரண்டு பிரதியையும் அனுப்பியிருக்கிறேன். எதை எடுத்திருக்கக் கூடாது?

பதில்: பாத்திர அலமாரியை எடுத்திருக்கக் கூடாது.

முதல் பிரதியின் இரண்டாம் பகுதியில், அடுப்படி அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களை வரிசையாகச் சொல்லிப் போகிறீர்கள். விசேஷ வீட்டில் மாறிவிடக் கூடாதென்று எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. எல்லாம் அம்மா சீட்டுக் கட்டி வாங்கியவை, எல்லாவற்றிலும் அப்பா பெயர். அங்கே யாரும் அழவில்லை, எதுவும் நடக்கவும் இல்லை. அதனால் வெறும் தகவல் என்று நினைத்து 310 சொற்களை 40 ஆக்கிவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக் காட்சியில் எல்லோரும் அழுகிறார்கள், ஆகவே அதுதான் கதையின் உயிர் என்று எண்ணி அதில் கை வைக்கவே இல்லை. கதையின் கடைசியில் அம்மா பாத்திரக் கடையில் ஒரு செம்பு வாங்குகிறாள். கடைக்காரர் "பேர் என்னம்மா போடணும்?" என்கிறார். அம்மா கொஞ்சம் நின்று, தன் பெயரைச் சொல்கிறாள். உங்கள் தோழி அழுதது அந்த இடத்தில்தான் இருக்கும். அலமாரி இல்லாமல் அந்த இடத்துக்கு வந்தால், யாரோ ஒரு பெண் செம்பு வாங்குகிறாள், அவ்வளவுதான்.

2,700இல் நின்றுவிட்டதற்கும் காரணம் இதோடு ஒட்டியதே. நீங்கள் வாக்கியம் வாக்கியமாக இளைக்க வைத்திருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அந்த வழியில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரைதான் குறையும். பாதியாக்க வேண்டுமென்றால் காட்சிகள் போக வேண்டும்.

முதலில் பிரதியை நான்கைந்து நாள் திறக்காதீர்கள். பிறகும் திறக்காமல், கதையில் நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். கடைக் காட்சி அதில் நிச்சயம் வரும். அதன் எதிரே ஒரே கேள்வியை எழுதுங்கள்: இங்கே வந்து சேரும் வாசகருக்கு முன்பே என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? நான் பார்த்தவரை மூன்று. பாத்திரங்களில் இருப்பது அப்பா பெயர். வாங்கியது அம்மா. அம்மாவிடம் அதுவரை யாரும் எதற்கும் பெயர் கேட்டதில்லை. இந்த மூன்றில் ஒன்றுக்காவது உதவாத காட்சி, எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், இந்தக் கதைக்கு விருந்தாளி.

உங்கள் முதல் பிரதியை அப்படிக் கணக்குப் பார்த்தேன். மழையும் தெருவுமாகத் தொடக்கம் 420. அலமாரி 310. அப்பாவின் சுபாவம் 500. ஆஸ்பத்திரி 780. சாவும் காரியமும் 560. கடை 380. அதன் பிறகு நீங்கள் யோசிப்பது 250. மழை முழுதும் போகலாம், கதை அலமாரியிலேயே தொடங்கட்டும். அதற்கு 300 கொடுங்கள். அப்பாவுக்கு 260 போதும், ரேஷன் கடையில் அம்மாவை முந்திக்கொண்டு அவர் பெயர் சொல்லும் அந்த ஒரு சம்பவம் இருந்தால் சரி. ஆஸ்பத்திரிக்கு 330, காரியத்துக்கு 200. கடைக்கு மட்டும் கூட்டி 420. கடைசி 250 வேண்டவே வேண்டாம். மொத்தம் 1,510 வருகிறது.

சிறுகதையை வெட்டும்போது ஒரு காட்சி நீள்வது விநோதமாகத் தோன்றும். ஆனால் மற்றதெல்லாம் சுருங்கிய பிறகு அதே 380 சொற்கள் அவசரமாக ஒலிக்கும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பெயர் வெட்டும் மெஷின் வேறொருவர் தட்டில் கிர்ரென்று ஓடட்டும். அம்மா கைப்பையை மூடித் திறக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் உங்கள் தம்பி பணத்துக்காகச் சண்டை போடும் பகுதி அருமை. ஆனால் அது வேறு கதை. தனிக் கோப்பில் எடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் பழைய பிரதியில் அழித்து அழித்துச் செய்யாதீர்கள். கண் முன்னால் இருப்பதை எடுக்க மனசு வராது, எனக்கும் வராது. காலிக் கோப்பு ஒன்றில் கடைக் காட்சியை முதலில் தட்டச்சு செய்யுங்கள். பிறகு அதற்குத் தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாக முன்னால் கொண்டுவந்து சேருங்கள்.

சொல் அளவில் கத்தி வைப்பது இதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரியில் ஒரு பத்தி இப்படி இருக்கிறது:

"அப்பாவின் மெலிந்த கைகளைப் பார்க்கும்போது என் இதயமே வெடித்துவிடும் போல இருந்தது. ஒரு காலத்தில் எங்களையெல்லாம் தூக்கி வளர்த்த அந்தக் கைகளா இவை என்று நினைக்கையில் கண்களில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. அம்மா எதுவுமே பேசாமல், ஏதோ ஒருவிதமான ஆழ்ந்த மௌனத்தில், கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தாள். தூக்குவாளியின் மேல் அப்பாவின் பெயர் இருந்தது."

41 சொற்கள். நான் இதை 13 ஆக்குவேன்:

"அம்மா தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள். அதிலும் அப்பாவின் பெயர். தம்ளரைப் பிடிக்க அவர் கைக்கு வலுவில்லை."

போனது முழுக்க நீங்கள் பட்ட துக்கத்தின் வர்ணனை. கை இருக்கிறது, கஞ்சி இருக்கிறது, பெயரும் இருக்கிறது. 'அதிலும்' என்ற ஒரு சொல் அலமாரியை ஞாபகப்படுத்திவிடுகிறது. அம்மா பேசவில்லை என்று சொல்லவே தேவையில்லை, பேசியிருந்தால் எழுதியிருப்பீர்களே. எல்லாப் பத்தியையும் இந்த அளவுக்கு இறுக்கிவிடாதீர்கள். தொடர்ந்து நாலு பக்கம் இப்படியே போனால் தந்தி மாதிரி ஆகிவிடும். அலமாரியில் வாக்கியங்கள் நீண்டே இருக்கட்டும், அங்கே வாசகர் சாவகாசமாக நடக்க வேண்டும்.

இரண்டாம் பிரதியில் இன்னொன்றும் கவனித்தேன். 'வந்து கொண்டிருந்தாள்', 'சொல்லி விட்டாள்' எல்லாவற்றையும் சேர்த்து எழுதி எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறீர்கள். தமிழில் இது எல்லோரும் செய்யும் கள்ளக்கணக்கு. சேர்த்து எழுதுவதில் தப்பில்லை, ஆனால் கதை ஒரு நொடிகூடக் குறைவதில்லை.

வெட்டி முடித்ததும் அறுந்த நூல்களைத் தேடுங்கள். கடையில் உடன் நிற்கும் சித்தி, காரியத்தில்தான் அறிமுகமாகிறாள். அங்கே அவளை வெட்டினால் கடையில் அவள் யாரென்று தெரியாது. 'அவர்' என்று வரும் இடங்களையும் பாருங்கள். நடுவில் ஒரு வாக்கியம் போனதும் அப்பாவைக் குறித்த 'அவர்' டாக்டர் ஆகிவிடுகிறார். இரண்டாம் பிரதியில் ஓரிடத்தில் அப்படி ஆகியே இருக்கிறது.

பிறகு, கதையை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். தோழி வேண்டாம், வெட்டியதையும் அவள் மனசு நிரப்பிக்கொள்ளும். படித்தவரை மறுநாள் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். "அந்த அம்மா தன் பேரைச் சொல்லுது" என்று அவர் வாயில் வந்தால் பிரதியை அனுப்பிவிடலாம். "அப்பா செத்துப்போறாரு, பாவம்" என்று மட்டும் சொன்னால் ஆஸ்பத்திரி இன்னும் பெரிதாக இருக்கிறது, அல்லது அலமாரி சிறுத்துவிட்டது.

தலைப்பையும் மாற்றுங்கள். 'அப்பாவின் நிழல்' என்று வைத்தால் வாசகர் கடைசிவரை அப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பார். 'செம்பு' போதும்.