35 நாள் முன்னதாகப் பணம் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி கேட்கலாம்?

கேள்வி: கடலூரில் முந்திரிப் பருப்பை பேக்கிங் செய்து கடைகளுக்கு அனுப்புகிறேன். அச்சிட்ட பவுச்சுகளைப் புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு சிறு உற்பத்தியாளரிடம் வாங்குகிறேன். மாதம் இரண்டு பில். ஒவ்வொன்றும் வரி நீங்கலாக 2 லட்சம் ரூபாய். 45 நாள் கடன், வாய்ப்பேச்சுதான். இப்போது கையில் 6 லட்சம் சும்மா இருக்கிறது. “பத்து நாளில் பணம் தருகிறேன், 2 சதவீதம் குறையுங்கள்” என்று கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் 2 சதவீதம் என்பது அவருக்குச் சின்னத் தொகையா பெரிய தொகையா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு கேட்பதுதான் முறை. வெறும் 2 லட்சத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை தவறாக வரும். பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36,000 ரூபாயும் சேர்ந்து, நீங்கள் தர வேண்டிய தொகை 2,36,000 ஆகிறது. தள்ளுபடி 2 லட்சத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். முன்னதாகக் கையை விட்டுப் போவதோ வரியும் சேர்ந்த தொகை. 2 சதவீதத் தள்ளுபடியான 4,000 ரூபாயைக் கழித்துவிட்டு 2,32,000 ரூபாயை 35 நாள் முன்னதாகக் கொடுக்கிறீர்கள். 2,32,000 ரூபாய்க்கு 35 நாளில் 4,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்குச் சற்றுக் குறைவு. வரியை மறந்து கணக்குப் போடுபவர்கள் இதையே 21 சதவீதம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த ஒன்றரை வட்டி அவருக்குக் கட்டுபடியாகுமா என்பது, அவர் எந்தப் பணத்தில் தொழிலைச் சுழற்றுகிறார் என்பதைப் பொறுத்தது. வங்கியில் 11 சதவீதத்தில் கேஷ் கிரெடிட் என்ற தொழில் சுழற்சிக் கடன் வைத்திருப்பவர் என்றால், உங்கள் 2,36,000 ரூபாய்க்காக 35 நாள் காத்திருக்க அவருக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 2,490 ரூபாய்தான். அதைத் தவிர்க்க 4,000 ரூபாயை விட்டுத்தர அவருக்கு ஒரு காரணமும் இல்லை. தயவுக்காகச் சரி என்று சொன்னாலும், அடுத்த முறை பவுச் செய்யும் பிளாஸ்டிக் பிலிமின் விலை ஏறியது என்று ரேட்டை மாற்றும்போது இதையும் சேர்த்தே ஏற்றிவிடுவார். அதுவே வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கிச் சமாளிப்பவர் என்றால், அதே 35 நாள் அவருக்கு 5,500 ரூபாய் செலவு வைக்கிறது. 4,000 ரூபாய் விட்டுக்கொடுத்த பின்னும் 1,500 ரூபாய் அவருக்கு மிச்சம்.

இதை நேரடியாகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். அவருடைய இன்வாய்ஸின் அடியில் அச்சாகியிருக்கும் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பலர் கேஷ் கிரெடிட் கணக்கைத்தான் அங்கே கொடுத்திருப்பார்கள். ஆர்டர் எடுக்கும்போதே பிலிம் ரோல் வாங்க முன்பணம் கேட்கிறாரா, பின்தேதியிட்ட செக்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாரா, மாத முதல் வாரத்தில் சம்பளம் போட வேண்டும் என்று தொலைபேசியில் அழைக்கிறாரா என்பவையும் கை இறுக்கத்தைக் காட்டும் அடையாளங்கள். இவை எதுவும் இல்லாமல் வங்கிக் கடனிலேயே நிம்மதியாக இருப்பவர் என்று தெரிந்தால், 1 சதவீதத்துக்கு மேல் கேட்காதீர்கள். உங்கள் பக்கத்துக் கீழ் வரம்பு எளிது: அந்தப் பணம் 6.5 சதவீத வைப்புத்தொகையில் இருந்தால் 35 நாளில் ஏறத்தாழ 1,470 ரூபாய் வட்டி தரும். அதற்குக் கீழே உங்களுக்கு லாபமில்லை. 2,490க்கு மேலே அவருக்கு லாபமில்லை. நடுவில் 2,000 ரூபாய், அதாவது வரிக்கு முந்தைய மதிப்பில் 1 சதவீதம், இருவருக்கும் பொதுவான இடம். கை இறுக்கமானவரிடம் மட்டும் உங்கள் 2 சதவீதத்தைக் கேளுங்கள்.

இனி நீங்கள் போகிறபோக்கில் சொன்ன “வாய்ப்பேச்சு” என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே பெரிய ஓட்டை அதுதான். அவர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளர் என்றால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாதபோது சரக்கை ஏற்ற நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் 45 நாள். அதற்கு மேல் இருவரும் சம்மதித்தாலும் செல்லாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதம்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரியிலும், இந்தக் கெடுவைத் தாண்டிய நிலுவையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். ஆக, இன்றைய நிலையில் நீங்கள் 35 நாள் முன்னதாகக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் முன்னதாகக் கொடுப்பது ஐந்து நாள்தான். இவ்வளவு நாளும் கெடுவைத் தாண்டிக் கொடுத்து வந்தவர், கெடுவுக்குள் கொடுப்பதற்குத் தள்ளுபடி கேட்டால், விவரம் தெரிந்த உற்பத்தியாளர் சிரித்துக்கொண்டே உத்யம் எண்ணைக் காட்டுவார். எனவே 45 நாள் கடனும் தள்ளுபடியும் ஒரே தாளில், ஒரே நாளில், இனி வரும் பில்களுக்கு என்று எழுதப்பட வேண்டும்.

முதலில் நேரில் போய்ப் பேசிவிட்டு, பிறகு உங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு பத்தி அனுப்புங்கள். ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“ஐயா, நேரில் பேசியபடி, வரும் மாதம் முதல் நீங்கள் அனுப்பும் பவுச்சுகளுக்கான கடன் காலம், சரக்கு எங்கள் கிடங்கில் இறங்கிய நாளிலிருந்து 45 நாள் என்று இருவரும் ஏற்கிறோம். எந்தப் பில்லுக்காவது பத்தாவது நாளுக்குள் முழுத் தொகையும் உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்தால், வரிக்கு முந்தைய மதிப்பில் 1 சதவீதத்தைத் தள்ளுபடியாகத் தருவீர்கள். பத்தாவது நாள் வங்கி விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வேலை நாளே கடைசி நாள். அந்த நாள் தாண்டினால் தள்ளுபடி கிடையாது. முன்னதாகக் கொடுப்பது எங்கள் விருப்பம், கடமை அன்று. இருவரில் யார் வேண்டுமானாலும் ஒரு மாத அறிவிப்பில் இந்த ஏற்பாட்டை நிறுத்தலாம்.”

நாள் எங்கிருந்து எண்ணப்படும், பணம் அனுப்பிய நாளா சேர்ந்த நாளா என்ற இரண்டையும் எழுதாமல் விட்டதால்தான் பெரும்பாலான இத்தகைய ஏற்பாடுகள் கசந்து போகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரியில், கணக்கர் பத்து நாள் கெடுவுள்ள பில்லுக்குப் பதினான்காம் நாள் பணம் அனுப்பும்போதும் பழக்கத்தில் தள்ளுபடியைக் கழித்துவிடுவார். மைதா கொடுத்தவர் மூன்று மாதம் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் மாதம் கடனையே நிறுத்திவிட்டு ரொக்கம் கேட்டார். பில் வந்த அன்றே அதன் மேல் மூலையில் பத்தாவது நாளின் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

தள்ளுபடியை நீங்களாகவே கழித்துக்கொண்டு அனுப்பினால், அவர் கணக்கில் உங்கள் பெயரில் ஒவ்வொரு பில்லுக்கும் 2,000 ரூபாய் நிலுவை தொங்கும். அவரிடமிருந்து கிரெடிட் நோட் வாங்க வேண்டும். அதில் ஜி.எஸ்.டி. குறைப்பு இல்லாத வணிகக் கிரெடிட் நோட்டே இந்த அளவுத் தொகைக்குப் போதுமானது. அவர் 2 லட்சத்துக்கும் உரிய வரியைக் கட்டிவிடுவார், நீங்கள் எடுத்த 36,000 ரூபாய் உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியதில்லை, 2,000 ரூபாய் உங்கள் கணக்கில் பெற்ற தள்ளுபடியாகப் பதிவாகும். வரியையும் குறைத்துக் கிரெடிட் நோட் போடுவதற்கும் வழி உண்டு. ஆனால் அதற்கு உங்கள் பக்கம் உள்ளீட்டு வரியையும் குறைக்க வேண்டும். 360 ரூபாய்க்காக அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

பவுச்சில் இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சு நகர்ந்திருந்தால் கண்ணில் படும். சீல் கசிவதோ பருப்பை நிரப்பி நைட்ரஜன் ஏற்றிய பிறகுதான் தெரியும். பத்து நாளில் பணத்தைக் கொடுத்துவிட்டால், குறை வெளிப்படும்போது உங்கள் பிடி தளர்ந்திருக்கும். சரக்கு இறங்கிய மறுநாளே ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில பவுச்சுகளை எடுத்து, காற்று நிரப்பிச் சீல் செய்து, தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் பணத்தை நிறுத்திவிட்டு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். பின்னால் தெரியவரும் குறைக்கு அடுத்த பில்லில் ஈடு செய்வார் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்ப்பதும் நல்லது.

கடைசியாக, உங்கள் 6 லட்சம். இரண்டு பில்லையும் முன்னதாகக் கொடுக்கத் தொடங்கினால், எந்த நேரமும் ஏறத்தாழ 5.5 லட்சம் இதிலேயே முடங்கியிருக்கும். பண்ருட்டிப் பக்கம் கொட்டை வரத்து தொடங்கும் கோடையில் ரொக்கம் இல்லாமல் நிற்பீர்கள். கொள்முதலில் கிடைக்கும் பேரத்தை இழந்து பவுச்சில் 1 சதவீதம் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாதம் ஒரு பில்லை மட்டும் எடுங்கள், முடங்குவது 2.75 லட்சம். 1 சதவீதத்தில் ஆண்டுக்கு 24,000 ரூபாய் வரும். வைப்புத்தொகை வட்டியாக இழப்பது 17,600 போக மிச்சம் 6,400தான். 2 சதவீதம் கிடைத்தால் 30,000 ரூபாய் மிஞ்சும். முதல் தொகை உங்களுக்குச் சின்னதாகத் தோன்றினால், தள்ளுபடிக்குப் பதிலாக முந்திரி விற்பனை உச்சத்தில் இருக்கும் தீபாவளி மாதங்களில் உங்கள் ஆர்டரை முதலில் ஓட்டித் தரும்படி கேட்டுப் பாருங்கள். அவருக்குக் காசு செலவில்லாத சலுகை அது.

எந்தப் பில்லை எடுப்பது என்றால், மாதக் கடைசியில் வருவதை. ஜி.எஸ்.டி.யை மாதம்தோறும் செலுத்துபவர், 25ஆம் தேதி போட்ட பில்லின் 36,000 ரூபாய் வரியை, உங்கள் பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 45 நாள் கணக்கில் உங்கள் பணமோ அதற்கும் இருபது நாள் கழித்துத்தான் வரும். பத்து நாளில் கொடுத்தால் அது 5ஆம் தேதி வாக்கில், அவர் சம்பளம் போடும் வாரத்தில் போய்ச் சேரும். நேரில் பேசும்போது சதவீதத்துக்கு முன்னால் இந்தத் தேதியைச் சொல்லித் தொடங்குங்கள்.