எந்தக் கிலோவைச் சொல்கிறோம்? நிலக்கரி, யுரேனியம், டியூட்டிரியம்: கேள்வி பதில்

(பதில் அளிப்பவர்: அனல்மின் நிலைய நிலக்கரி ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், தருமபுரி)

அரூர், அறிவியல் ஆசிரியை: சார், பள்ளிக் கண்காட்சிப் பலகைக்காகத் தேடினேன். ஒரு கிலோ யுரேனியம் நிலக்கரியைப் போல 20,000 மடங்கு என்று ஓரிடத்திலும், 25 லட்சம் மடங்கு என்று வேறிடத்திலும், 50 லட்சம் மடங்கு என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. இதில் எது பொய்?

மூன்றுமே உண்மைதான் அம்மா. ஒவ்வொருவரும் வேறு வேறு கிலோவை எடுத்துக்கொண்டு வகுத்திருக்கிறார்கள்.

முதலில் நிலக்கரியை எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் ஒரு கிராம் பொடித்த கரியைச் சிறு கிண்ணத்தில் வைத்து, எஃகுக் குண்டுக்குள் இறுக்கி மூடி, ஆக்சிஜனை அழுத்தத்தில் நிரப்பி, அந்தக் குண்டைத் தண்ணீரில் அமிழ்த்தி மெல்லிய கம்பியால் பற்றவைப்போம். இந்தியச் சுரங்கத்துக் கரி என்றால் தண்ணீரின் வெப்பநிலை ஏறத்தாழ 1.7 டிகிரி உயரும். அதிலிருந்து கணக்கிட்டால் கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோ கலோரி வரும். கிண்ணத்தைத் திறந்து பார்த்தால் போட்ட கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே கிடக்கும். தூய கார்பனாக இருந்தால் கிட்டத்தட்ட 7,800 வந்திருக்கும். ஆகவே நிலக்கரி என்ற ஒரே சொல்லுக்குள்ளேயே இரண்டு மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

நம் வீட்டு மின்கட்டண அட்டையில் இருக்கும் யூனிட்டையே எல்லாவற்றுக்கும் அளவுகோலாகக் கொள்வோம். ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. எனவே நம் ஊர் மின்நிலையங்களுக்கு வரும் ஒரு கிலோ கரியில் 4.65 யூனிட் வெப்பம் இருக்கிறது. யுரேனியம்-235 அணுக்கள் மட்டுமே அடங்கிய ஒரு கிலோ முழுவதும் பிளந்தால் கிடைக்கும் வெப்பம் 2.28 கோடி யூனிட். இதை நம் கரியோடு ஒப்பிட்டால் 49 லட்சம் மடங்கு. தூய கார்பனோடு ஒப்பிட்டால் 25 லட்சம் மடங்கு. மண்ணிலிருந்து எடுத்த ஒரு கிலோ இயற்கை யுரேனியம் கனநீர் உலையில் உண்மையில் தருவதை, வெளிநாட்டு உயர்தரக் கரியோடு ஒப்பிட்டவருக்கு 20,000 கிடைத்திருக்கிறது. பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் எது எதனோடு ஒப்பிடப்பட்டது என்பதையும் எழுதிவிடுங்கள்.

நெய்வேலியில் உறவினர் உள்ள ஒருவர், பாலக்கோடு: பழுப்பு நிலக்கரிக்கும் இதே 4,000 தானா?

இல்லை. அதில் ஏறத்தாழ பாதி எடை ஈரம்தான், ஆதலால் சுமார் 2,600 தான் வரும்.

கிருஷ்ணகிரி, லாரி உரிமையாளர்: கோடிக்கணக்கெல்லாம் எனக்குப் பிடிபடவில்லை. கல்பாக்கத்தில் ஒரு கிலோ யுரேனியம் போட்டால் எத்தனை லோடு கரி மிச்சமாகும், அதைச் சொல்லுங்கள்.

பத்து டன் ஏற்றும் ஆறு சக்கர லாரியில் மூன்றரை லோடு.

கல்பாக்கத்தின் பழைய இரு உலைகளிலும் போடப்படுவது இயற்கை யுரேனியம். அந்த ஒரு கிலோவில் எளிதில் பிளக்கக்கூடிய 235 வகை 7 கிராம் மட்டுமே; மீதி 993 கிராமும் 238 வகை. அணு உலைக்காரர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது ஒன்று உண்டு: ஒரு கிராம் பிளந்தால் ஒரு மெகாவாட் வெப்பம் ஒரு நாள் முழுவதும், அதாவது 24,000 யூனிட். இந்த வகை உலையில் ஒரு கிலோ எரிபொருளிலிருந்து ஏறத்தாழ ஏழு மெகாவாட்-நாள் எடுத்தபின் அதை வெளியே தள்ளிவிடுகிறார்கள். ஏழை 24,000 ஆல் பெருக்கினால் 1,68,000 யூனிட் வெப்பம், அதை 4.65 ஆல் வகுத்தால் 36 டன் கரி.

அந்த 7 கிராமும் அப்படியே தீர்ந்துபோவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெளியே வரும்போது அதில் இரண்டு கிராமுக்கு மேல் பிளக்காமல் மிஞ்சியிருக்கும். குறைந்த இடத்தை 238 வகையிலிருந்து உலைக்குள்ளேயே உருவான புளூட்டோனியம் நிரப்புகிறது. அது உருவாகும் கையோடு ஒரு பகுதி பிளந்தும் விடுகிறது. ஒரு கிலோ முழுவதையும் பிளக்க முடிந்திருந்தால் 4,900 டன், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலுக்கும் மேலே. இடையில் உள்ள அத்தனை வித்தியாசமும் எரியாமல் கழிவுத் தொட்டிக்குப் போகும் கிலோவில்தான் இருக்கிறது.

ஓசூர், உற்பத்திப் பொறியாளர்: ஒரு அணு பிளக்கும்போது வருவதைவிட இரண்டு அணு இணையும்போது நான்கு மடங்கு ஆற்றல் வருகிறது, அதனால்தான் இணைவு மேல் என்று படித்திருக்கிறேன். சரிதானே?

நான்கு மடங்கு என்பது சரி, ஆனால் அது அணுக் கணக்கு அன்று, எடைக் கணக்கு. தனி நிகழ்வாகப் பார்த்தால் பிளவுதான் பெரியது.

ஒரு யுரேனியம் அணு பிளந்தால் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டிரியத்தில் ஒன்றும் டிரிட்டியத்தில் ஒன்றும் இணைந்தால் 17.6 தான்; பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த இணையின் நிறை 5, யுரேனியத்தின் நிறை 235. ஒரே கிலோவுக்குள் 47 மடங்கு அதிக இணைகள் அடங்கிவிடுவதால் நிலைமை தலைகீழாகி, கிலோவுக்கு 9.4 கோடி யூனிட் என்று நான்கு மடங்காகிறது. நம் கரியில் சொன்னால் 20,000 டன், ஐந்து சரக்கு ரயில்.

இதே பார்வையில் கரியையும் பாருங்கள். ஒரு கார்பன் அணு எரிந்தால் வருவது வெறும் 4 எலக்ட்ரான் வோல்ட். அங்கே அணுக்கருவை யாரும் தொடுவதே இல்லை, வெளிச்சுற்று எலக்ட்ரான்கள் மட்டுமே இடம் மாறுகின்றன. அதிலும் கரிக்கு ஒரு சலுகை கொடுத்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறோம்: ஒரு கிலோ கார்பன் எரிய 2.67 கிலோ ஆக்சிஜன் வேண்டும், அது காற்றில் இலவசமாகக் கிடைப்பதால் எடையில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் கரியின் மதிப்பு கால் பங்குக்குச் சற்று மேலேதான் நிற்கும்.

பென்னாகரம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: ஐயா, கல்பாக்கம் உலையில் கனநீர் இருக்கிறது. கனநீரில் டியூட்டிரியம் இருக்கிறது. அப்படியானால் அங்கே பிளவும் இணைவும் சேர்ந்தே நடக்கிறதா?

நடக்கவில்லை தம்பி. ஒரு கிலோ கனநீரில் 200 கிராம் டியூட்டிரியம் இருப்பது உண்மை. ஆனால் அங்கே அதன் வேலை பிளவில் வேகமாகத் தெறிக்கும் நியூட்ரான்களை மோதி மோதி நிதானப்படுத்துவது மட்டும்தான். அவற்றை அதிகம் விழுங்கிவிடாமல் நிதானப்படுத்துவதால்தான் செறிவூட்டாத யுரேனியமே அந்த உலைக்குப் போதுமானதாக இருக்கிறது. இரண்டு டியூட்டிரியம் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசையை மீறி ஒட்ட வேண்டுமானால் பத்துக் கோடி டிகிரிக்கு மேல் வேண்டும். உலையின் கனநீர் சில நூறு டிகிரியைக்கூடத் தாண்டுவதில்லை. சில டியூட்டிரியம் அணுக்கள் ஒரு நியூட்ரானைப் பிடித்து டிரிட்டியமாக மாறுவது உண்டு, அவ்வளவே.

காவேரிப்பட்டினம், இல்லத்தரசி: எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரிலேயே டியூட்டிரியம் இருக்கிறதாமே, ஒரு குடத்தை வைத்து எத்தனை நாள் ஓட்டலாம்?

கணக்குப்படி ஏழு ஆண்டுகள்.

எந்தத் தண்ணீரிலும் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டிரியம். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தில் அது அரை கிராம் வரும். டியூட்டிரியத்தை மட்டும் இணைத்து, அதில் பிறக்கும் டிரிட்டியத்தையும் ஹீலியம்-3ஐயும் மிச்சம் வைக்காமல் மறுபடி இணைத்துவிட்டால் கிலோவுக்கு 9.6 கோடி யூனிட். அரை கிராமுக்கு 48,000 யூனிட் வெப்பம், பத்து டன் கரிக்குச் சமம். மின்சாரமாக மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு தேறினால் 16,000 யூனிட். உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 2,280 யூனிட் என்பதால் ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் அந்த ‘மிச்சம் வைக்காமல்’ என்ற நிபந்தனை மிகப் பெரியது. முதல் படியோடு நின்றுவிட்டால் கிலோவுக்கு 2.4 கோடிதான், யுரேனியம்-235 தரும் 2.28 கோடிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. குடத்தின் ஏழு ஆண்டு இரண்டு ஆண்டுக்கும் கீழே இறங்கிவிடும். இதுவரை எந்த மின்நிலையமும் இரண்டில் எதையும் செய்யவில்லை.

ஓசூர்ப் பொறியாளர் மீண்டும்: உண்மையில் எவ்வளவு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்? காகிதக் கணக்கு போதும்.

இங்கிலாந்தில் உள்ள ஜெட் என்ற இணைவுச் சோதனை உலையில் 2023 அக்டோபரில் டியூட்டிரியம்-டிரிட்டியம் கலவையிலிருந்து ஐந்து விநாடிகளில் 69 மெகாஜூல் எடுத்தார்கள். அது 19 யூனிட், நம் கரியில் நான்கு கிலோ. செலவான எரிபொருள் 0.2 மில்லிகிராம். காகிதத்தில் சொன்ன 9.4 கோடியோடு இது அப்படியே பொருந்துகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அந்த 19 யூனிட்டைப் பெறக் காந்தங்களுக்கும் சூடேற்றுவதற்கும் அதைவிடப் பல மடங்கு மின்சாரம் உள்ளே போனது. கரியிலோ யுரேனியத்திலோ இந்தத் தடை இல்லை, பற்றிக்கொண்டால் தானே நடக்கும்.

அரூர் ஆசிரியை: அப்படியானால் டியூட்டிரியத்துக்கு நேரே 9.4 கோடி என்று எழுதிவிடலாமா?

‘டியூட்டிரியம்-டிரிட்டியம் கலவை’ என்று எழுதினால் சரி. அந்தக் கிலோவில் டியூட்டிரியம் 400 கிராம்தான், 600 கிராம் டிரிட்டியம். டிரிட்டியம் 12.3 ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடுவதால் சுரங்கத்தில் கிடைக்காது. லித்தியத்தில் நியூட்ரானை மோதவைத்துத்தான் செய்ய வேண்டும். ஆகவே உண்மையில் வாங்கி வைக்கும் சரக்கு டியூட்டிரியமும் லித்தியம்-6உம். அந்த இரண்டின் எடையையும், லித்தியம் பிளக்கும்போது வரும் கூடுதல் வெப்பத்தையும் சேர்த்தால் கிலோவுக்கு 7.5 கோடி யூனிட் என்று இறங்குகிறது. நான் இந்த எண்ணைத்தான் எழுதுவேன். என்னோடு பணியாற்றிய இயற்பியல் நண்பர் ஒருவர் ஒப்புக்கொள்ள மாட்டார்: கரிக்கு ஆக்சிஜனை எண்ணாமல் விட்டவர் லித்தியத்தை மட்டும் எண்ணுவது என்ன நியாயம் என்று கேட்பார். காற்று விலைக்கு வருவதில்லை, லித்தியம் வருகிறது என்பது என் பதில். அவர் இன்னும் அதை ஏற்கவில்லை.