அருவாமனையை எந்தப் பெட்டியில் வைப்பது? விமானப் பயணக் கேள்வி பதில்

கோவை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளோடு இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டிவிட்டு, இப்போது வீட்டில் இருக்கிறேன். கத்தி, கத்தரி, ஸ்பேனர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோபி பக்கமிருந்து ஓர் அம்மா: மகளைப் பார்க்க மெல்போர்ன் போறேனுங்க. சிங்கப்பூர்ல மாறணும். ஒரு அருவாமனை, ரெண்டு கத்தி, சந்தகை மெஷின் வேணும்னு கேட்டிருக்கா. எப்படிக் கட்டறது?

நாலுமே செக்-இன் பெட்டியில்தான், அம்மா. கைப்பையில் கத்தி வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். அருவாமனைக்குக் கேள்வியே இல்லை.

கீழே போகும் பெட்டியில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெட்டியைக் குறைந்தது நாலைந்து பேர் தூக்குவார்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் ஒருவர் திறந்து உள்ளே கையை விடுவார். கத்தியைத் துணியில் மட்டும் சுற்றி வைத்தால், அதன் முனை துணியைக் கிழித்து, பெட்டியின் ஓரத்தையும் கிழித்து வெளியே எட்டிப் பார்க்கும். நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த ஒரு பெட்டியைத் தூக்கிய பையனுக்கு உள்ளங்கையில் தையல் போட வேண்டியதாயிற்று.

முதலில் கத்திகள். தடித்த அட்டையை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கம் வாய் படும்படி கத்தியைச் செருகுங்கள். அட்டை கத்தி முனையைத் தாண்டி இரண்டு விரல் அளவு நீண்டிருக்க வேண்டும். நீண்ட பகுதியை மடக்கி ஒட்டினால்தான் முனை துளைத்துக்கொண்டு வராது. டேப்பை அட்டைமேல் ஒட்டுங்கள், கத்திமேல் ஒட்ட வேண்டாம். அப்புறம் பிடியையும் அட்டையையும் சேர்த்து ஒரு சுற்று. இல்லாவிட்டால் ஆட்டத்தில் உறை கழன்றுவிடும்.

அருவாமனையில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று வளைந்த வாய், இன்னொன்று தேங்காய் துருவும் பல். மடக்கும் வகையாக இருந்தால் மடக்கி, பிரிந்து வராதபடி கயிறு கட்டுங்கள். வாய்க்குத் தோட்டத்து ஹோஸ் பைப் மாதிரி நல்ல உறை கிடையாது. வாயின் நீளத்துக்கு வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு மாட்டினால் வளைவோடு உட்கார்ந்துகொள்ளும். பல்லுக்கு ஒரு டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டுங்கள். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துக் கட்டலாமே என்று தோன்றும். மெல்போர்னுக்கு வேண்டாம், காரணம் கீழே வருகிறது. எல்லாவற்றையும் சேலைகளுக்கு நடுவே, பெட்டியின் மையத்தில், வாய் உள்பக்கம் பார்க்க வையுங்கள். சக்கரம் இருக்கும் மூலையில் வைத்தால் பெட்டி விழும்போது அடி முழுவதும் அங்கேதான்.

சந்தகை மெஷினைப் பிரித்தே வையுங்கள். கால், திருகு, அச்சு என்று தனித்தனியாக. குழாய்க்குள் மிளகாய்ப்பொடி பொட்டலம் திணிக்காதீர்கள். எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும், மாவு, துணி, சாப்பாடு எல்லாம் ஆரஞ்சாகவும் தெரியும். தடித்த இரும்புக்குள் எதையாவது அடைத்தால் அந்த இடம் கறுப்பாக, ஒன்றும் தெரியாமல் நிற்கும். தெரியாததைத் திறந்துதான் பார்ப்பார்கள். குக்கருக்குள் சாமான் அடைப்பவர்களுக்கும் இதுதான் நடக்கிறது.

இப்போது ஆஸ்திரேலியா விஷயம். மரப் பொருட்களையும் செடிகொடி சம்பந்தப்பட்டதையும் அங்கே இறங்கும்போது கட்டாயம் தெரிவிக்க வேண்டும். உங்கள் அருவாமனைக்கு மரப்பலகை இருந்தால், இறங்கும்போது நிரப்பும் படிவத்தில் மரப்பொருள் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். பார்த்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பலகையில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் விடமாட்டார்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம். பல்லின் இடுக்கில் பழைய தேங்காய்ப்பூ ஒட்டியிருக்கும், பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

கடைசியாக ஒன்று. கோவையில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் `MEL` என்று இருக்கிறதா பாருங்கள். `SIN` என்று மட்டும் இருந்தால் சிங்கப்பூரில் நீங்களே பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் இப்படி ஆகலாம். கவுண்ட்டரை விட்டு நகரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

திருப்பூர், பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்: 6 சென்டிமீட்டருக்குக் கம்மியான கத்தரி கைப்பையில் ஓகேன்னு படிச்சேன். நூல் வெட்டற கட்டர் விரல் நீளம்தான். சாம்பிள் பையிலேயே வெச்சுக்கலாம்தானே?

படித்தது சரி, ஊர்தான் வேறு. 6 சென்டிமீட்டர் என்பது ஐரோப்பா, பிரிட்டன் கணக்கு. கத்தரியின் திருகாணியிலிருந்து முனை வரை அளப்பார்கள். அமெரிக்காவில் அதே இடத்திலிருந்து 4 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் விடுவார்கள். நீங்கள் ஏறுவது பீளமேட்டில். இங்கே சோதிப்பவர்கள் சிஐஎஸ்எஃப் ஆட்கள். விமான நிறுவனங்கள் இங்கே தரும் தடைப் பட்டியலில் கத்தரிக்கோல் பொதுவாகவே கத்தியோடு சேர்ந்துதான் இருக்கிறது.

உங்கள் கட்டருக்கு இன்னொரு சிக்கல். அதற்குத் திருகாணியே கிடையாது, ஸ்பிரிங் மாதிரி வளைந்த ஒரே கம்பி. எங்கிருந்து அளப்பது? அதனால் அந்தந்த நேரத்தில் அங்கே நிற்பவர் முடிவுதான். செக்-இன் பெட்டியில் ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவில் போட்டு வையுங்கள். தீப்பெட்டியிலேயே போடாதீர்கள், அதில் குச்சி ஒன்று தங்கிவிட்டால் அது தனி வம்பு.

அதே கேள்விக்குக் கீழே, பல்லடத்துக்காரர் ஒருவர்: நான் போன வருஷம் ரெண்டு தடவை கைப்பைலயே கொண்டுபோனேன். ஒருத்தரும் கேக்கல. சும்மா பயமுறுத்தாதீங்க.

பயமுறுத்தவில்லைங்க. மற்ற சாமான்களோடு கிடந்தால் சில சமயம் கண்ணில் படாது, சில சமயம் பார்த்தும் விட்டுவிடுவார்கள். அது உங்கள் அதிர்ஷ்டம், அனுமதி இல்லை. மூன்றாம் தடவை எடுத்து வைத்துக்கொண்டால் வாதாட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கணபதி, மோட்டார் சர்வீஸ் செய்பவர்: வேலைக்கு மஸ்கட் போறேன். கார்ட்லெஸ் டிரில், எக்ஸ்ட்ரா பேட்டரி ரெண்டு, ஸ்பேனர் செட், டெஸ்டர். எல்லாத்தையும் டூல்ஸ் பெட்டியோட செக்-இன்ல போட்டுடலாமா?

எல்லாத்தையும் இல்லை, தம்பி. ஸ்பேனர், டெஸ்டர், டிரில் மெஷின் கீழே. எக்ஸ்ட்ரா பேட்டரி இரண்டும் மேலே, உங்கள் கைப்பையில். இந்த இடத்தில்தான் நன்றாகத் தொழில் தெரிந்தவர்களே தவறு செய்கிறார்கள்.

லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் ஊழியர்கள் உடனே பார்த்து அணைக்கலாம். கீழே சாமான் அறையில் யாரும் இல்லை. அதனால்தான் தனியாக இருக்கும் பேட்டரியைக் கீழே அனுப்ப விடுவதில்லை. கத்தி விஷயத்துக்கு நேர் எதிர்.

எவ்வளவு பெரிய பேட்டரி போகலாம் என்பதற்குச் சின்னக் கணக்கு. அதன்மேல் எழுதியிருக்கும் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90 `Wh`. 100 வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டாம். அதே 18 வோல்ட்டில் 6 ஆம்பியர்-அவர் வாங்கியிருந்தால் 108. அப்போது விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டு அனுமதி வாங்க வேண்டும், அதிலும் இரண்டுக்கு மேல் கிடையாது. 160-ஐத் தாண்டினால் மறந்துவிடுங்கள். பேட்டரியின் உலோக முனைகள்மேல் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனி பிளாஸ்டிக் பையில் போடுங்கள். மெஷினில் மாட்டியிருப்பதையும் கழற்றிக் கைப்பைக்குக் கொண்டுவந்துவிட்டால் பேச்சே இல்லை.

ஸ்பேனர் செட்டைத் தகரப் பெட்டியோடு தூக்கிப் போடாதீர்கள். சாமான் எடை கூடுவதற்குக் காசு கட்டிக்கொள்ளலாம், ஆனால் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் காசு கட்டினாலும் எடுக்கமாட்டார்கள். துணிச்சுருளில் வரிசையாகச் செருகி, இரண்டு பெட்டியாகப் பிரித்து அடியில் பரப்புங்கள். டெஸ்டர் லேப்டாப் பையின் பக்கப் பையில் ஒளிந்திருக்கும். முந்தின இரவே அந்தப் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள்.

பொள்ளாச்சி: எங்ககிட்ட கத்தி, கத்தரி ஒண்ணுமில்லீங்க. கொப்பரைத் தேங்கா ரெண்டு கிலோ, அதுவும் கீழ போற பெட்டிலதான். பிரச்சினை இல்லையில்ல?

கேட்ட விஷயம் வேறு, ஆனால் நல்லவேளை கேட்டீர்கள். கொப்பரை கீழேயும் போகாது, மேலேயும் போகாது. அதில் இருக்கும் எண்ணெய் தானாகவே சூடேறிப் பற்றக்கூடியது என்று தீப்பிடிக்கும் சரக்குப் பட்டியலில் அதற்கு எண்ணே உண்டு, 1363. பொள்ளாச்சியில் பிறந்தவர்களுக்கு இது ஏற்கவே முடியாத சங்கதி என்று தெரியும்.

கரூர்: ஆரஞ்சு உரிக்கற சின்னக் கத்தியப் பிடுங்கிட்டாங்க. எங்க அப்பாரு வெச்சிருந்தது. திரும்ப வாங்க வழி இருக்கா?

கொடுத்துவிட்டு உள்ளே போனபின் திரும்பக் கிடைப்பதை நான் பார்த்ததில்லை. வருத்தம்தான். ஆனால் அங்கே நிற்கும்போது வழி இருந்திருக்கும். நேரம் இருந்தால் திரும்பிப் போய் அந்தக் கைப்பையையே செக்-இன் போடலாமா என்று கவுண்ட்டரில் கேட்கலாம். அல்லது வழியனுப்ப வந்தவரை வாசலுக்கு வரச்சொல்லி, அங்கிருக்கும் காவலரிடம் சொல்லிக் கொடுத்தனுப்பலாம். அதனால்தான் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம்: உள்ளே போனவர் "சோதனை முடிஞ்சுது" என்று போன் செய்யும்வரை காரை எடுக்க மாட்டோம்.

நாமக்கல்: பெட்டியில் கத்தி இருக்குன்னு கவுண்ட்டர்ல சொல்லணுமா? பூட்டு போடலாமா?

சமையல் கத்திக்குத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பூட்டலாம். அமெரிக்கா போவதானால் அங்கே அதிகாரிகள் தங்கள் சாவியால் திறக்கக்கூடிய டிஎஸ்ஏ பூட்டாக வாங்குங்கள், மற்றதைத் திறக்க வேண்டிவந்தால் உடைத்துவிடுவார்கள்.

மறுபடியும் கோபி அம்மா: சந்தகை மெஷினுக்கு வாயும் இல்ல, முனையும் இல்ல. பெட்டி எடை கூடிப்போச்சு. அதை மட்டும் கைப்பையில வெச்சுக்கறனே?

வெட்டாது, ஆனால் தூக்கி அடிக்கலாம் என்பதுதான் அவர்கள் பார்வை. சுத்தியலை அதே காரணத்துக்குத்தான் விடுவதில்லை. எங்கள் வீட்டு மெஷின் நாலு கிலோவுக்குக் குறையாது, 7 கிலோ கைப்பையில் பாதிக்கு மேல் அதுவே போய்விடும். அச்சுத் தட்டுகளை மட்டும் மேலே எடுத்துக்கொண்டு காலையும் திருகையும் கீழே விடலாம், எடை கொஞ்சம் குறையும். முழுசாகக் கைப்பையில் போகுமா என்றால், என் கண்முன்னே ஒன்று போயிருக்கிறது, ஒன்று திரும்பி வந்திருக்கிறது. இரண்டும் ஒரே வாரத்தில்.