சரிக்குச் சரி என்று யார் சொன்னது?

என் மாமனார் (தாய்மாமனும் அவர்தான்) காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரி நடத்துகிறார். சீசனில் நாற்பது பேர் வேலை செய்வார்கள், எல்லோருக்கும் மணிக்கணக்குக் கூலி. கணக்கு என் பொறுப்பு. ஓ.டி. போடும்போது நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற இரண்டு வரம்பையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? மாமா 48-ஐ மட்டும் பார் என்கிறார். ஆடிட்டர் ஆபீஸ் நண்பர் இரண்டையும் கூட்டச் சொல்கிறார். லோடு வராத நாளில் ஆட்களை மதியமே அனுப்பிவிடுவதால் பெரும்பாலும் சரிக்குச் சரி ஆகிவிடும். மாமாவிடம் வாதம் செய்யவும் மனசு வரவில்லை.
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

தம்பி, உங்கள் மாமாவும் தப்பு, நண்பரும் தப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன். போகிறபோக்கில் 'சரிக்குச் சரி' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, முதலில் அதைப் பார்ப்போம்.

யாருக்குச் சரி? திங்கட்கிழமை நாலு லாரி பெங்களூரா வந்து நிற்கிறது, பழம் அழுகுவதற்குள் அறுத்தாக வேண்டும். கன்வேயர் பக்கத்தில் நின்றபடியே 11 மணி நேரம் வேலை செய்கிறாள் ஒரு பெண். புதன்கிழமை லோடு இல்லை. 12 மணிக்கு 'வீட்டுக்குப் போம்மா' என்கிறீர்கள். அந்த அரை நாள் கூலி அவளுக்கு ஏற்கெனவே நஷ்டம். அந்த நஷ்டத்தையே காரணமாகக் காட்டித் திங்கட்கிழமை ஓ.டி.யையும் அழிக்கிறீர்கள். ஒரே கையில் இரண்டு முறை எடுத்துவிட்டு அதற்குச் சரிக்குச் சரி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். எந்த ஒரு நாளிலும் 9 மணிக்கு மேல், 'அல்லது' எந்த ஒரு வாரத்திலும் 48 மணிக்கு மேல் வேலை செய்தால் மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது. அந்த 'அல்லது'தான் முழு விஷயமும். திங்கட்கிழமை பத்தாவது மணி தொடங்கிய நிமிடமே ஓ.டி. பிறந்துவிட்டது. புதன்கிழமை நீங்கள் என்ன செய்தாலும் அது திரும்பப் போகாது.

உங்கள் ஃபேக்டரியில் நடக்கக்கூடிய ஒரு வாரத்தைப் போட்டுப் பார்ப்போம். சாப்பாட்டு இடைவேளையைக் கழித்த மணிகள் இவை. திங்கள் 11, செவ்வாய் 11, புதன் 4, வியாழன் 10, வெள்ளி 4, சனி 8. கூட்டினால் கச்சிதமாக 48. மாமா கணக்குப்படி ஓ.டி. பூஜ்யம். நாளாக நாளாகப் பாருங்கள்: திங்கள் 2, செவ்வாய் 2, வியாழன் 1. மொத்தம் 5 மணி. கணக்குக்காக மணிக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கொடுப்பது 48 × 70, அதாவது 3,360. கொடுக்க வேண்டியது 43 மணிக்கு 3,010, மீதி 5 மணிக்கு 140 வீதம் 700, ஆக 3,710. ஓர் ஆளுக்கு 350 ரூபாய் குறைகிறது. நாற்பது பேருக்கு ஒரே வாரத்தில் 14,000. இதைத்தான் 'பெரும்பாலும்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

இனி நண்பரின் யோசனை. லோடு விடாமல் வந்த வாரம் ஒன்று: திங்கள் 11, செவ்வாய் 10, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் 9, சனி 7. மொத்தம் 55. நாள் வரம்பைத் தாண்டியது 2 + 1 = 3 மணி. வார வரம்பைத் தாண்டியது 7 மணி. இரண்டையும் கூட்டி 10 என்பார் அவர். ஆனால் அந்த 3 மணி நேரமும் 55-க்குள்தான் இருக்கிறது; ஒரே மணியை இரண்டு தடவை எண்ணக்கூடாது. எனவே நாள் ஓ.டி. 3 மணியை முதலில் தனியே எடுத்துவையுங்கள். மிச்சம் 52. அதில் 48-க்கு மேல் இருப்பது 4. மூன்றும் நாலும் ஏழு. அதுதான் விடை. தொழிலாளிக்குக் கூடுதலாகப் போனால் போகட்டுமே என்று நான் சொல்லமாட்டேன். தப்பான 10-ஐ உங்கள் மாமா ஒரு நாள் பிடித்துவிட்டால், சரியான 5-ஐயும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்.

முதல் வாரத்தில் நாள் கணக்கு 5, வாரக் கணக்கு 0, விடை 5. இரண்டாவது வாரத்தில் 3-ம் 7-ம், விடை 7. எந்த வாரமானாலும் இரண்டில் எது பெரியதோ அதுவே ஓ.டி. எக்செல்லில் ஞாயிறு முதல் சனி வரை B முதல் H வரை மணிகளைப் போட்டு, நாள் வரம்பை K1-ல் எழுதிவிட்டால் ஒரு வரி போதும்:

```
=MAX(SUMPRODUCT((B2:H2>$K$1)*(B2:H2-$K$1)),SUM(B2:H2)-48)
```

வரம்பைத் தனிக் கட்டத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் நாள் வரம்பை 8 மணியாக வைத்திருக்கிறது. ஓ.டி.யை நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ தொழிலாளிக்கு எது லாபமோ அப்படிப் போட வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியும் இருக்கிறது. K1-ல் 9-ஐ 8 ஆக்கினால் மேலே சொன்ன முதல் வாரத்தின் 5 மணி 8 மணியாகிவிடும். உங்கள் ஃபேக்டரிக்கு இப்போது எது பொருந்தும் என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 11 மணி நேரம் வேலை வாங்கவே அனுமதி வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்துவிட்டதால் அந்தத் தப்பு சரியாகிவிடாது.

வாரம் என்பதில் பலர் சறுக்குகிறார்கள். சட்டத்தில் வாரம் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்குகிறது. சந்தை நாளில் கூலி பட்டுவாடா செய்கிறீர்கள் என்பதற்காகச் சந்தைக்குச் சந்தை மணிகளைக் கூட்டினால், ஒரே வாரத்தின் 55 இரண்டு துண்டாகி 48-க்குள் ஒளிந்துகொள்ளும். பட்டுவாடாவை எந்த நாளில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை ஞாயிறு முதல் சனி வரை வெட்டுங்கள். இரட்டிப்பதும் வெறும் அடிப்படைக் கூலியை அல்ல, படிகளையும் சேர்த்து. போனஸ் மட்டும் அதில் வராது.

மாமாவிடம் பேச மனசு வரவில்லையாம். பெண்ணைக் கொடுத்தவருக்கு மரியாதை கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திறக்கும் அன்று 'மாப்பிள்ளைதான் கணக்குப் பார்க்கிறார்' என்று அந்த மாமாவே கையைக் காட்டுவார். அப்போது வாய் திறப்பதைவிட இப்போது திறப்பது சுலபம். மாமனார் வீட்டுச் சோறு தின்கிறவனுக்கு அந்தச் சோறு எந்தக் காசில் வந்தது என்று பார்க்கும் கடமையும் உண்டு என்பது என் கட்சி. அறுப்பு மேடையில் நிற்கிறவளும் யாரோ ஒருவருக்கு அக்காள் மகள்தான்.

போன சீசனுக்கு வார மொத்தம்தான் எழுதி வைத்திருக்கிறேன், நாள் மணி இல்லை என்பீர்கள். சரிக்குச் சரி பார்க்கிறவர்கள் நோட்டில் அப்படித்தான் இருக்கும். கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டை எடுங்கள். ஆட்கள் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் அதில் இருக்கும். அதில் விட்டுப்போன நாட்களுக்கு எடைமேடைச் சீட்டுக்கட்டை எடுங்கள். கடைசி லாரி எத்தனை மணிக்கு எடை போட்டது என்று அச்சாகியிருக்கும், அதற்குப் பிறகும் அறுப்பு நடந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு நாளாக நிரப்புங்கள். தொகை எவ்வளவு என்று தெரிந்ததும் அப்பாவிடம் அவளே பேசுவாள்.